முதல் பென்ஷன் வந்த பிறகு ஆப்ஷனை மாற்ற முடியுமா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை, மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும் ஆன்யூட்டி பாலிசியில் போட்டவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி அடிக்கடி வருகிறது. "ஏஜென்ட் சொன்ன ஆப்ஷனை டிக் செய்துவிட்டேன். முதல் மாதப் பென்ஷனும் கணக்கில் ஏறிவிட்டது. இப்போது யோசித்தால் வேறு ஆப்ஷன் எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மாற்ற முடியுமா?"

நேரான பதில்: ஆப்ஷனை மட்டும் மாற்றித் தர மாட்டார்கள். ஒருமுறை தேர்ந்தெடுத்த ஆன்யூட்டி ஆப்ஷனை மாற்ற முடியாது என்று பாலிசி விதியிலேயே எழுதியிருக்கும். ஆனால் பாலிசியையே ரத்து செய்துவிட்டு, திரும்பி வரும் பணத்தில் வேண்டிய ஆப்ஷனை புதிதாக வாங்குவதற்குக் குறிப்பிட்ட காலம் வரை வழி இருக்கிறது. முதல் பென்ஷன் வந்துவிட்டதாலேயே அந்த வழி அடைபடுவதில்லை. பலரும் "பணம் ஏறிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று விட்டுவிடுவது இது தெரியாததால்தான்.

இந்தக் கட்டுரைக்கு எல்ஐசியின் ஜீவன் அக்ஷய் 7 திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நம்மூரில் பலர் கையில் இருப்பது இதுதான். ஏ முதல் ஜே வரை பத்து ஆப்ஷன்கள் இருப்பதால் குழப்பமும் இதில்தான் அதிகம். தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் பணத்தில் வாங்கியவர்களுக்குச் சில விதிகள் வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்த வழியை எடுப்பது என்று முடிவு செய்ய நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. அந்த வழி எத்தனை நாள் திறந்திருக்கும்?
2. திரும்பி வரும்போது எவ்வளவு பணம் குறையும்?
3. மாற்றிய பிறகு மாதப் பென்ஷன் எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும்?
4. உங்களுக்குப் பிறகு வீட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்?

ஆப்ஷனை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் நான்காவதுதான் முதலில் வர வேண்டும். மாதம் இருநூறு முந்நூறு ரூபாய் குறைந்தால் சமாளித்துவிடலாம். கணவர் போன பிறகு மனைவிக்கு மாத வருமானமே இல்லை என்றால் அதைச் சமாளிக்க முடியாது.

## எந்த ஆப்ஷனில் எந்தக் கதவு திறந்திருக்கிறது?

மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன் உங்கள் பத்திரத்தை எடுத்து, எந்த ஆப்ஷன் என்று பாருங்கள். இதற்குப் பிறகு வரும் எல்லாமே அந்த ஓர் எழுத்தைப் பொறுத்தது.

| ஆப்ஷன் | உங்களுக்குப் பிறகு | ஃப்ரீ லுக் ரத்து | பின்னாளில் சரண்டர், கடன் |
|---|---|---|---|
| ஏ: ஆயுள் வரை மட்டும் | ஒன்றும் இல்லை | உண்டு | இல்லை |
| பி, சி, டி, இ: 5, 10, 15, 20 ஆண்டு உத்தரவாதம், அதன் பிறகும் ஆயுள் வரை | உத்தரவாதக் காலத்தில் மீதி இருந்தால் அதுவரை நாமினிக்குப் பென்ஷன் | உண்டு | இல்லை |
| எஃப்: ஆயுள் வரை, கட்டிய தொகை திரும்பும் | கட்டிய தொகை நாமினிக்கு | உண்டு | உண்டு |
| ஜி: ஆண்டுக்கு 3% கூடும் | ஒன்றும் இல்லை | உண்டு | இல்லை |
| எச்: இருவருக்கும், துணைவருக்குப் பாதி | துணைவருக்கு 50% | உண்டு | இல்லை |
| ஐ: இருவருக்கும் முழுதாக | துணைவருக்கு 100% | உண்டு | இல்லை |
| ஜே: இருவருக்கும் முழுதாக, தொகையும் திரும்பும் | துணைவருக்கு 100%, அவருக்குப் பிறகு கட்டிய தொகை நாமினிக்கு | உண்டு | உண்டு |

மூன்றாவது பத்தியில் எல்லாருக்கும் "உண்டு". நான்காவதில் இருக்கும் சரண்டர், அதாவது பாலிசியை நடுவில் ஒப்படைத்துப் பணம் வாங்குவதும், பாலிசி மேல் கடன் வாங்குவதும் எஃப், ஜே இரண்டுக்கு மட்டும்தான். கட்டிய தொகை எப்படியும் ஒருநாள் திரும்பித் தரப்பட வேண்டிய பாலிசிகளில்தான் நடுவில் வெளியேற விடுவார்கள். மற்றவற்றில் சீக்கிரம் இறப்பவர்களின் பணத்திலிருந்துதான் நெடுநாள் வாழ்பவர்களுக்குப் பென்ஷன் போகிறது. உடம்பு சரியில்லை என்று தெரிந்தவுடன் ஒவ்வொருவரும் பணத்தை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கணக்கே நிற்காது.

## வழி 1: ஃப்ரீ லுக் காலத்தில் ரத்து செய்து மறுபடி வாங்குவது

பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரக் கொடுக்கப்படும் அவகாசம்தான் ஃப்ரீ லுக். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் கொண்டுவந்த விதிப்படி இப்போது 30 நாள்.

எந்தத் தேதியிலிருந்து 30 நாள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பணம் கட்டிய நாளிலிருந்தோ முதல் பென்ஷன் வந்த நாளிலிருந்தோ அல்ல. பாலிசி பத்திரம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. மின்னஞ்சலில் வந்தாலும் அது வந்ததாகத்தான் கணக்கு. தபாலில் பத்திரம் பின்னாடி வந்தாலும், மின்னஞ்சலில் முதலில் வந்த தேதியையே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. தபாலில்தான் வந்தது என்றால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தேதித் தகராறு வந்தால் அதில் இருக்கும் முத்திரைதான் சாட்சி.

இனி முதல் பென்ஷனுக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் பென்ஷன் காலம் முடிந்த பிறகுதான் வரும். மாதப் பென்ஷன் எடுத்தவருக்கு ஒரு மாதம் கழித்து, காலாண்டு எடுத்தவருக்கு மூன்று மாதம் கழித்து, ஆண்டுப் பென்ஷன் எடுத்தவருக்கு ஒரு வருடம் கழித்து முதல் தொகை ஏறும். ஆகவே மாதப் பென்ஷன்காரருக்கு மட்டும்தான் முதல் தொகையும் ஃப்ரீ லுக்கும் ஒன்றோடொன்று உரசும் வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்கு முதல் தொகையைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று காத்திருந்தால், பத்திரம் மிகவும் தாமதமாக வந்திருந்தால் தவிர, அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 60 வயதுக்காரர், மனைவிக்கு 55. பிஎஃப் பணத்தில் 20 லட்சம் போட்டு ஆப்ஷன் ஏ எடுத்திருக்கிறார், மாதப் பென்ஷன் 13,500 என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்துக்கு எஃப் என்றால் 11,300, ஜே என்றால் 11,100 என்று இருக்கட்டும். (இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வயதுக்கு வாங்கும் நாளில் உள்ள தொகையைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.) பாலிசி ஜூன் 5 தொடங்குகிறது. பத்திரம் ஜூன் 12 வீட்டுக்கு வருகிறது. ஜூலை 5 அன்று முதல் பென்ஷன் 13,500 ஏறுகிறது. தனக்குப் பிறகு மனைவிக்கு ஒரு ரூபாயும் வராது என்று அன்றைக்குத்தான் உறைக்கிறது.

அவருக்கு ஜூலை 12 வரை நேரம் இருக்கிறது. ஜூலை 8 அன்று ரத்துக் கடிதம் கொடுத்தால் 20,00,000 ரூபாயிலிருந்து ஏற்கெனவே தந்த 13,500-ஐயும், முத்திரைக் கட்டணத்தையும் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். 13,500 அவர் கணக்கில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்தால் கையை விட்டுப் போனது முத்திரைக் கட்டணம் மட்டும். அந்தப் பணத்தில் ஆப்ஷன் ஜே வாங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. முதல் மாதப் பென்ஷன் கழிந்துவிட்டது. புதிய பாலிசியில் பென்ஷன் மறுபடி ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கும். நடுவில் பணம் திரும்பி வர ஆகும் நாள்களும் சேரும். ரத்துக் கோரிக்கை வந்த ஏழு நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. எப்படிப் பார்த்தாலும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை அவருக்குப் பென்ஷன் என்று எதுவும் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மாத வருமானம் போச்சு. இன்னொன்று, புதிதாக வாங்கும் நாளில் எல்ஐசி என்ன விகிதம் தருகிறதோ அதுதான் கிடைக்கும். நடுவில் விகிதம் இறங்கியிருந்தால் அது உங்கள் தலையில்தான். ஆகையால் ரத்துக் கடிதம் கொடுக்கும் முன்பே புதிய ஆப்ஷனுக்கு இன்றைய தொகையை எழுத்தில் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

இது யாருக்கு ஏற்றது? ஏ, ஜி எடுத்துவிட்டு வீட்டில் துணைவர் இருக்கிறவர்களுக்குக் கேள்வியே இல்லை, இதுதான் வழி. இதை விட்டால் வேறு கதவு அவர்களுக்குத் திறக்காது. அதற்கு மாறாக எஃப்-இலிருந்து ஜே-க்கோ ஜே-யிலிருந்து எஃப்-க்கோ மாற நினைப்பவர்களுக்கு அவசரம் அவ்வளவு இல்லை. ஏன் என்று கீழே பார்க்கலாம்.

## வழி 2: சரண்டர் செய்து மறுபடி வாங்குவது

ஃப்ரீ லுக் முடிந்துவிட்டது, ஆனால் பத்திரத்தில் எஃப் அல்லது ஜே என்று இருக்கிறது. அப்படியென்றால் பாலிசி கொடுத்து மூன்று மாதம் ஆன பிறகு, அல்லது ஃப்ரீ லுக் முடிந்த பிறகு, இரண்டில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து சரண்டர் செய்யலாம். கட்டிய முழுத் தொகை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரண்டர் தொகை உங்கள் அன்றைய வயதைப் பொறுத்து மாறும். கிளையில் விண்ணப்பித்து அந்த எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

மேலே சொன்ன அதே நபர் ஏ-க்குப் பதில் எஃப் எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 11,300 வருகிறது. மனைவிக்கும் பென்ஷன் தொடர வேண்டும் என்பதால் ஜே-க்கு மாற நினைக்கிறார். சரண்டரில் 18 லட்சம் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், அந்தப் பதினெட்டு லட்சத்துக்கு ஜே-யில் மாதம் 9,990 தான் வரும். மாதம் 1,310 ரூபாய் ஆயுள் முழுக்கக் குறைகிறது. கடைசியில் பிள்ளைகளுக்குத் திரும்பும் தொகையும் 20 லட்சத்துக்குப் பதில் 18 லட்சம்.

இதனால் அவர் வாங்குவது என்ன? எஃப்-இல் அவருக்குப் பிறகு 20 லட்சம் மொத்தமாக நாமினியான மனைவிக்கு வரப்போகிறது. அந்த அம்மா அன்றைக்கு அந்தப் பணத்தில் தன் பெயரில் ஒரு பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம்; அப்போது வயது கூடியிருப்பதால் அதே விகிதச் சூழலில் பென்ஷன் சற்றுக் கூடவே வரும். வட்டி விகிதம் அன்றைக்கு விழுந்திருக்கலாம் என்பது ஓர் ஆபத்து. மொத்தப் பணம் கைக்கு வந்ததும் "அம்மா, வீட்டுக் கடனை அடைச்சிட்டுத் தர்றேன்" என்று யாராவது வந்து நிற்பார்கள் என்பது இன்னோர் ஆபத்து. இரண்டாவதுதான் நம் வீடுகளில் பெரியது என்று நினைக்கிறேன். ஆனால் இந்த இரண்டையும் தடுக்க இரண்டு லட்சத்தைத் தண்ணீரில் விடத் தேவையில்லை.

நாமினிக்குத் தொகையை எப்படித் தர வேண்டும் என்று இந்தத் திட்டத்தில் பென்ஷன்தாரரே தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தமாகவும் தரச் சொல்லலாம், 5, 10, 15 ஆண்டுத் தவணையாகவும் தரச் சொல்லலாம், அந்தத் தொகைக்கு நாமினி பெயரில் பென்ஷனாக மாற்றித் தரவும் சொல்லலாம். பென்ஷன்தாரர் சொன்னதை நாமினி பிறகு மாற்ற முடியாது. உங்கள் பத்திரத்தில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பென்ஷனாகவோ தவணையாகவோ இருந்தால் எஃப்-ஏ கிட்டத்தட்ட ஜே செய்யும் வேலையைச் செய்துவிடும். ஃப்ரீ லுக்குக்குள் இருக்கிறவர்கள் இந்த ஒரு கட்டத்தையும் கவனித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

சரண்டருக்கு இன்னொரு ஒளிந்த செலவு வரி. பாலிசி வாங்கியபோது அதற்காக வருமான வரிக் கழிவு கோரியிருந்தால், சரண்டரில் வரும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். 18 லட்சம் ஒரே ஆண்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்காகத்தான் சரண்டர் யோசனை என்றால், அதே எஃப், ஜே பாலிசிகளில் கடன் கிடைக்கும். கடனுக்கான ஆண்டு வட்டி உங்கள் ஆண்டுப் பென்ஷனில் பாதியைத் தாண்டக் கூடாது, கடன் தொகை சரண்டர் தொகையில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. வட்டியைப் பென்ஷனிலேயே பிடித்துக்கொள்வார்கள், பாலிசி அப்படியே இருக்கும். என் கணக்கில் பெரும்பாலான சரண்டர்களுக்கு இது மேல்.

சரண்டர் எப்போதுதான் சரி? இரு மரணத்துக்கும் பிறகு பணம் போய்ச் சேர யாரும் இல்லை, இப்போதே பெரிய தொகை வேண்டும், கடன் வரம்பு போதவில்லை என்ற நிலையில். வெறும் ஆப்ஷன் மாற்றத்துக்காக என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை.

## வழி 3: பாலிசியை அப்படியே விட்டு, ஓட்டையை வெளியே அடைப்பது

ஃப்ரீ லுக்கும் போய்விட்டது, ஆப்ஷனும் ஏ, ஜி அல்லது உத்தரவாத வகை. இங்கே கதவு மூடியாயிற்று. கிளையில் யாராவது "எழுதிக் கொடுங்க, மேலே அனுப்பிப் பார்க்கலாம்" என்று சொன்னால் அதை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். மாற்றக்கூடியவை நாமினி, வங்கிக் கணக்கு, முகவரி மாதிரியான விவரங்கள்தான். ஆப்ஷன் ஏ-யில் நாமினியை மாற்றி மட்டும் பயன் இல்லை; அவருக்குத் தர அங்கே தொகை எதுவும் கிடையாது.

அப்படியானால் ஏ தரும் கூடுதல் பணத்தைத் துணைவருக்காகச் சேர்ப்பது ஒன்றுதான் மிச்சம். நம் எடுத்துக்காட்டில் ஏ-க்கும் ஜே-க்கும் வித்தியாசம் மாதம் 2,400. அதை மனைவி பெயரில் மாதாமாதம் ஆர்டியில் போட்டால் ஆண்டுக்கு 28,800, பத்து ஆண்டில் வட்டி சேராமல் 2,88,000. ஜே-யில் அந்த அம்மாவுக்கு ஆயுள் முழுக்க மாதம் 11,100 வந்திருக்கும். ஓட்டையின் அளவு தெரிகிறதல்லவா? எனவே இந்த நிலையில் இருப்பவர்கள் வேறு எங்கேயாவது வைத்திருக்கும் வைப்புத்தொகையைத் துணைவரின் பெயருக்கு ஒதுக்கி, ஆர்டியைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

துணைவருக்குத் தன் சொந்தப் பென்ஷன் இருக்கிறது, அல்லது யாரும் சார்ந்து இல்லை என்றால் ஏ எடுத்ததில் ஒரு தவறும் இல்லை. கூடுதல் தொகையை அனுபவியுங்கள்.

## என்பிஎஸ் பணத்தில் வாங்கியிருந்தால்

இங்கேயும் ஃப்ரீ லுக் உண்டு, ஆனால் ரத்து செய்த பணம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. அது ஆன்யூட்டிக்கென ஒதுக்கிய பணம். மறுபடி ஆன்யூட்டிதான் வாங்கியாக வேண்டும். வேறு ஆப்ஷனோ வேறு காப்பீட்டு நிறுவனமோ தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். ஃப்ரீ லுக் காலம் தாண்டிவிட்டால் ரத்து செய்யவும், வேறு நிறுவனத்துக்கோ வேறு ஆன்யூட்டிக்கோ மாற்றவும் அனுமதி இல்லை என்று ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையமான பிஎஃப்ஆர்டிஏ-வின் விதி தெளிவாகச் சொல்கிறது. ஆகவே மேலே சொன்ன இரண்டாவது வழியை என்பிஎஸ்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெளியேறும் விண்ணப்பத்தை ஆன்லைனில் போடும்போதே நிறுவனம், ஆப்ஷன் இரண்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்தத் திரையில் செலவிடும் அரை மணி நேரம்தான் பின்னால் வரும் 30 நாளைவிட மதிப்பு. முடிவு வரவில்லை என்றால் ஆன்யூட்டி வாங்குவதைத் தள்ளிப்போடவும் என்பிஎஸ்ஸில் இடம் உண்டு.

அரசுப் பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷனையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது காப்பீடு அல்ல, ஃப்ரீ லுக் என்ற பேச்சே அங்கே இல்லை. பிடித்த பகுதி 15 ஆண்டு கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும்.

## இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை

முழுத் தொகையையும் ஒரே பாலிசியில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 20 லட்சத்தில் 12 லட்சத்துக்கு ஜே, 8 லட்சத்துக்கு ஏ என்று இரண்டாகப் பிரித்து வாங்கலாம். மாதப் பென்ஷன் ஒவ்வொன்றிலும் குறைந்தது 1,000 ரூபாய் வர வேண்டும் என்பதுதான் வரம்பு. பிறகு ஒன்றை மாற்ற நினைத்தாலும் மற்றது தொந்தரவில்லாமல் ஓடும். எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் பணத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டு நிதானமாக யோசியுங்கள். ஓராண்டுக்குப் பின் இரண்டாண்டுக்குள் எடுத்தால் 1.5 சதவீதமும், அதற்குப் பின் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். முதல் ஆண்டுக்குள் எடுத்தால்தான் வட்டி முழுதும் போகும்.

## ரத்து செய்வதென்று முடிவாகிவிட்டால்

கடைசி நாள் வரை காத்திருக்காமல் பாலிசி வாங்கிய கிளைக்கே நேரில் போங்கள். பாலிசி எண், பத்திரம் கைக்கு வந்த தேதி, ரத்து செய்யும் காரணம் மூன்றும் இருக்கும்படி ஒரு பக்கக் கடிதம் போதும். "ஆப்ஷனை மாற்றித் தரவும்" என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு கோரிக்கையாகி, மறுப்புப் பதில் வருவதற்குள் 30 நாள் ஓடிவிடும். "ஃப்ரீ லுக் காலத்துக்குள் பாலிசியை ரத்து செய்து தொகையைத் திருப்பித் தரவும்" என்றே எழுதுங்கள். அசல் பத்திரத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதையே அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால் தேதியைப் பற்றிப் பேச்சே எழாது.

ஏஜென்ட் தடுத்துப் பார்ப்பார். பாலிசி ரத்தானால் அவர் கமிஷனும் போகும். "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கடிதம் கொடுத்தும் பணம் வராவிட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்தின் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.